எல்லைப்புற முக்கில் கூலி வேலைக்கு நிற்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் காலையில் ஆள் நிற்கும் முக்குகளில் நானும் பல வருடம் தூக்குப்போசியோடு நின்றவன். முதலில் மண்வெட்டி ஆள், பிறகு கொத்தனார். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதனால் கூட வேலை செய்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து புதுசா வர்றேன். எத்தனை மணிக்கு வந்து எங்க நின்னா வேலை கிடைக்கும்?

ஆறரைக்குள் வந்துவிடுங்கள். ஆள் எடுக்க வருபவர்கள் ஏழு மணியை ஒட்டி வருவார்கள். எட்டுக்கு மேல் வருபவர் அவசர வேலைக்காரர், இல்லாவிட்டால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்குமா என்று பார்ப்பவர்.

எங்கே நிற்பது என்பதை டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கொத்தனார், சித்தாள் ஒரு ஓரம், தோட்ட வேலைக்காரர்கள் ஒரு ஓரம், பெயிண்டர்கள் தனியாக என்று பல முக்குகளில் சொல்லாமலே பிரிந்துதான் நிற்பார்கள். கரண்டியும் ரசமட்டமும் பைக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால், வருபவர் கேட்காமலே உங்களை அடையாளம் பிடித்துக்கொள்வார். முதல் வாரம் வேலை கிடைப்பது கஷ்டம். அறிந்த முகத்தைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்த வாரத்தில் அங்கேயே நின்று பழகிய ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். "இன்னொரு ஆள் வேணும்" என்ற குரல் வரும்போது அவர் கை உங்கள் பக்கம் நீளும்.

மைக்காடு, செலவு, தச்சுன்னு மலையாளத்துல பேசறாங்க. தலையாட்டிட்டு வண்டியேறிடறேன். சரியா?

சரியில்லை. மூன்று வார்த்தைதான், தெரிந்துகொள்ளுங்கள். மைக்காடு என்றால் கொத்தனாருக்குக் கையாள். நம் ஊரில் சித்தாள், நிமிர்ந்தாள் என்கிறோமே, அந்த வேலை. நீங்கள் கொத்தனாராக இருந்து மைக்காடு கூலிக்குத் தலையாட்டினால் சாயங்காலம் சண்டைதான் வரும். தச்சு என்றால் தச்சருக்கோ கொத்தனாருக்கோ ஒரு நாள் வேலை. செலவு என்றால் சாப்பாடு. "கூலியும் செலவும்" என்றால் கூலி தனி, சாப்பாடு அவர்கள் பொறுப்பு. "செலவு இல்லாமல்" என்றால் உங்கள் தூக்குப்போசிதான். சாப்பாட்டுக் காசைக் கூலியில் பிடித்தார்கள் என்று வருகிற புகார்களில் பாதி இந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தவை.

எவ்வளவு கூலி கேட்கலாம்? தமிழ்நாட்டுக்காரன்னா கம்மியா சொல்றாங்களே?

ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில், கிராமப்புற ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் சுமார் 500. நாம் விடியற்காலையில் எல்லை தாண்டுவதற்கு இந்த 350 ரூபாய்தான் காரணம். கூப்பிடுகிறவருக்கும் அது தெரியும். அதனால்தான் "உங்க ஊர்ல 500தானே, 650 தர்றேன்" என்று ஆரம்பிப்பார்.

கூலி என்பது வேலை நடக்கும் இடத்துக்கு உரியது, உங்கள் ஆதாரில் இருக்கிற ஊருக்கு உரியதில்லை. கேரளத்தில் வேலை செய்தால் கேரள அரசு அந்த வேலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி உங்களுக்கும் உண்டு. ஆனால் முக்கில் நடக்கும் கூலி பெரும்பாலும் அதைவிட அதிகம். எனவே நடைமுறையில் உங்களைக் காப்பது அன்று காலை பேசிய தொகைதான். அதை நாலு பேர் காதில் விழும்படி, வண்டி ஏறும் முன் பேசுங்கள். வேலை நேரம் எட்டு மணி. அதற்கு மேல் நிறுத்தினால் மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். "கான்கிரீட் முடிஞ்சாத்தான் இறங்க முடியும்" என்கிற நாட்களில் இதைக் காலையிலேயே பேசிவிடுவது நல்லது. தட்டு கைமாறிக்கொண்டிருக்கும்போது பேச முடியாது.

மேஸ்திரி கூப்பிட்டாலும் வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் நமக்குக் காசு ஒண்ணுதானே?

சாயங்காலம் காசு கைக்கு வந்துவிட்டால் ஒன்றுதான். வராதபோதும் அடிபட்டபோதும் வித்தியாசம் பெரிது. என்னிடம் வருகிற சிக்கல்களில் முக்கால்வாசி, "யார் உங்களைக் கூட்டிப்போனது" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் வருபவை.

வீட்டுக்காரரே முக்குக்கு வந்து உங்களைக் கூட்டிப்போனால் அவர்தான் உங்கள் முதலாளி. மேஸ்திரி கூட்டிப்போனால் மேஸ்திரிதான் முதலாளி. அந்த மேஸ்திரி ஒரு பில்டருக்காக வேலை எடுத்திருந்தால், பில்டருக்குக் கட்டடம் கட்டுவதே தொழில் என்பதால் விபத்து இழப்பீட்டில் அவரையும் பிரதான முதலாளி என்று சேர்க்கலாம். மேஸ்திரியிடம் இல்லாத பணத்தை அவரிடம் கேட்க முடியும். ஆனால் ஒரு ஆசிரியரோ விவசாயியோ தனக்கு வீடு கட்ட மேஸ்திரியிடம் ஒப்பந்தம் விட்டிருந்தால், கட்டடம் அவருக்குத் தொழில் இல்லை. "எனக்கு மேஸ்திரியைத்தான் தெரியும்" என்று அவர் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அப்போது மேஸ்திரி ஒருவர் மட்டும்தான் மிஞ்சுவார். அவரும் நம்மைப்போல அதே முக்கில் நின்று மேலே வந்தவராக இருப்பார், சொத்து என்று பெரிதாக இருக்காது.

அதனால் வண்டி ஏறும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "யாருடைய சைட்?" "காசு யார் கையிலிருந்து வரும்?" கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. எந்த ஊர் என்று விசாரிக்கிற தொனியிலேயே கேட்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவரோடு நான் போனதில்லை. ஒரே ஒரு தடவை போனேன், அதைக் கீழே சொல்கிறேன்.

எங்க பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல. நான் அங்க வேலை செஞ்சேன்னு எதை வச்சுச் சொல்றது?

போனை வைத்துத்தான். சைட்டுக்குப் போனதும் கட்டடம் தெரிகிற மாதிரி, கூட வந்தவர்களோடு ஒரு படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். முதல் நாள் மேஸ்திரிக்கு ஒரு மிஸ்டுகால் கொடுத்து எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் கூலியையாவது ஜிபேயில் வாங்குங்கள். அவர் பெயரும் உங்கள் பெயரும் தொகையும் ஒரே இடத்தில் பதிவாகிவிடும். அதைவிட நல்ல சாட்சி இல்லை. அப்புறம் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, ஊர், யாருடைய சைட், என்ன வேலை, பேசிய கூலி, வாங்கியது, பாக்கி என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய நோட்டையும் தினம் எழுதிய நோட்டையும் அதிகாரி பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பேனா மாறியிருக்கும், வியர்வைக் கறை இருக்கும்.

அந்த ஒரு தடவை நான் நோட்டும் எழுதவில்லை, படமும் எடுக்கவில்லை. நாலு நாள் பூச்சு வேலை. ஐந்தாம் நாள் மேஸ்திரி வரவில்லை, போன் அணைந்திருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். அவர் வந்துபோகிற நேரத்தில் நான் சாரத்தின் மேல் இருந்தேன், என் முகத்தை அவர் பார்த்திருக்கவே முடியாது. அந்த நாலு நாள் கூலி வரவே இல்லை.

மூணு நாள் பாக்கி. "நாளைக்கு, நாளைக்கு"ன்னே சொல்றார். என்ன பண்றது?

தினக்கூலிக்காரருக்கு அன்றைய வேலை முடிந்ததும் கூலி கொடுத்தாக வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எனவே "சனிக்கிழமை சேர்த்துத் தர்றேன்" என்பது நீங்கள் ஒத்துக்கொண்டால் மட்டும்தான்.

என் பழக்கம் இது. இரண்டாம் நாள் சாயங்காலமும் காசு வராவிட்டால் மூன்றாம் நாள் போவதில்லை. பாக்கி ஏற ஏற நாம்தான் மாட்டிக்கொள்வோம், பாக்கி போய்விடுமே என்ற பயத்தில் தொடர்ந்து போய்க்கொண்டிருப்போம். நின்றதும் மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன இடத்தில், இத்தனை நாள் வேலை, பாக்கி இவ்வளவு." அவர் "நாளைக்குத் தர்றேன்" என்று பதில் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிட்டது. பதில் போடாவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குத் தேதி இருக்கிறது.

அதற்கும் நகராவிட்டால் வேலை நடந்த வட்டத்தின் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுங்கள். கேரளத் தொழிலாளர் துறையின் இலவச எண் 1800 425 55214. பெரும்பாலும் அலுவலர் ஒரு போன் செய்ததுமே பாதிக் காசு வந்துவிடும். ஏனென்றால் மேஸ்திரி நாளைக்கும் அதே ஊரில் வேலை எடுக்க வேண்டியவர். அதிலும் தீராவிட்டால் கோரிக்கை மனுவாகப் போகும். மூன்று வருடத்துக்குள் போடலாம், பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சம். அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது. மனுவை யார்கிட்ட எழுதி வாங்கறது?

தமிழிலேயே எழுதுங்கள். 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று இருக்கிறது. "மலையாளத்தில் எழுதிட்டு வா" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் பணிவாக இதைச் சொல்லுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டா யார் பணம் தருவாங்க? வீடு தமிழ்நாட்டுல, வேலை கேரளாவுல.

ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். வயது 40, வீடு கோபாலபுரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டுப் பக்கம். காலையில் கொழிஞ்சாம்பாறை வந்து நின்றார். ஒரு மேஸ்திரி 900 ரூபாய் பேசி, பில்டர் ஒருவர் கட்டும் மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சுக்குக் கூட்டிப்போனார். மதியத்துக்கு மேல் சாரத்தின் கயிறு அவிழ்ந்து விழுந்தார். வலது மணிக்கட்டும் இடுப்பும் உடைந்தன.

முதல் முக்கியமான இடம் ஆஸ்பத்திரி. கூட வருபவர் "பைக்கில் இருந்து விழுந்தார்னு சொல்லு, இல்லேன்னா போலீஸ் கேஸ் ஆகும்" என்று காதில் சொல்வார். அதைக் கேட்காதீர்கள். டாக்டர் முதல் தடவை எழுதுகிற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. "இன்ன இடத்தில் கட்டட வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். பைக் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் பிறகு எந்தச் சாட்சி வந்தாலும் அந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பு தூக்கிக் காட்டும். வலியில் இருக்கிறவருக்கு இது தோன்றாது. அதனால் கூடப் போகும் நாம்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

வைத்தியச் செலவை முதலாளி தர வேண்டும். அது இழப்பீட்டில் கழியாது. இழப்பீட்டுக் கணக்கு இப்படி. அவருடைய மாதக் கூலி உண்மையில் 20,000-க்கு மேல் வரும். ஆனால் 2020 ஜனவரியில் அரசு அறிவித்த உச்சவரம்பு 15,000. அதுதான் கணக்கில் நிற்கும். முழு நிரந்தர ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். அதை வயதுக்கான பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. ஆக 16,57,530 ரூபாய். இவருக்கு முழு ஊனம் இல்லை. உழைக்கும் திறன் 30 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் சான்று கொடுத்தார் என்றால், அந்தத் தொகையில் 30 சதவீதம், 4,97,259 ரூபாய். உயிரே போயிருந்தால் 60-க்குப் பதில் 50 சதவீதம், குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய். சில மாதத்தில் முழுக்கத் தேறி வேலைக்குத் திரும்புபவராக இருந்தால் இந்தக் கணக்கு வராது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால்பங்கு, 3,750 ரூபாய் கிடைக்கும்.

எங்கே கேட்பது? நம் எல்லைப்புறத்துக்கு இதுதான் பெரிய நன்மை, பலருக்குத் தெரிவதில்லை. விபத்து நடந்த பாலக்காட்டிலும் கேட்கலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலும் கேட்கலாம். இவர் கோவையிலேயே மனுப் போடலாம். உடைந்த இடுப்போடு மாதாமாதம் எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மேஸ்திரியை மட்டும் எழுதாமல் பில்டரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். காலையில் கேட்ட "யாருடைய சைட்" என்ற கேள்வி இங்கேதான் உதவும்.

அவங்க வீட்டுக்கு வந்து 50,000 தர்றோம், கையெழுத்துப் போடுங்கன்னு சொல்றாங்க. வாங்கலாமா?

வைத்தியத்துக்கு அவசரம் என்றால் பணத்தை வாங்குங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா, அதோடு முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறந்துபோனவர் விஷயத்தில் இழப்பீட்டை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது.

"குடிச்சிருந்தான்" என்று சொல்வார்கள். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களுக்கு எடுபடலாம். அதனால்தான் சாரம் ஏறும் நாளில் முந்தைய ராத்திரியே குடிக்காதே என்று தம்பிகளிடம் சொல்கிறேன்.

வக்கீல் பணத்துக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தின் மூலம் இலவச வக்கீல் உண்டு. எண் 15100.

நானும் அவரும் ஒரே சட்டிதான் சுமக்கிறோம். எனக்கு 250 ரூபாய் கம்மி. கேட்கலாமாண்ணா?

கேட்கலாம்மா. ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று கூலியைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நாலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே கலவையை ஒரே மாடிக்கு ஒரே நேரம் சுமந்தால் ஒன்றுதான். ஆனால் தனியாகக் கேட்கிறவரை மறுநாள் கூப்பிடமாட்டார்கள், அதை மறைப்பதில் பயனில்லை. நாலைந்து பேர் சேர்ந்து, ஏறும் முன் ஒரே தொகையைச் சொன்னால்தான் நடக்கும். வேலந்தாவளம் பக்கம் சித்தாள்கள் அப்படிச் சேர்ந்து நின்று 100 ரூபாய் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். முழு 250-ம் வரவில்லை.

இன்னொன்று. முன்பின் அறியாதவர் உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் ஜோடியாகத்தான் வருவேன் என்று சொல்லுங்கள். வண்டி நம்பரைப் படம் எடுத்து அவர் கண்ணெதிரிலேயே அனுப்புங்கள்.

சிமெண்ட் லாரி வந்ததும் இறக்கச் சொன்னாங்க. ஊர்க்காரங்க வந்து தடுத்துட்டாங்க. ஏன்?

கேரளத்தில் சுமை ஏற்றி இறக்குவதற்கு 1978-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அது அமலில் உள்ள பகுதிகளில் பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர்களுக்கு அந்த வேலையில் உரிமை உண்டு. வேலை செய்யாமல் கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பேச்சு மேஸ்திரிக்கும் அவர்களுக்கும் உரியது. நீங்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். நின்ற நேரத்துக்கும் உங்கள் நாள் கூலி குறையக் கூடாது.

நலவாரிய அட்டை, இ-ஷ்ரம் அட்டை ரெண்டும் வேணுமா?

இரண்டும் வெவ்வேறு. இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளி என்ற பதிவு. eshram.gov.in தளத்தில் இலவசம், எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் அதே 12 இலக்க எண். கட்டுமான நலவாரியத்தில்தான் உதவித்தொகை, ஓய்வூதியம் எல்லாம். அதற்கு வயது 18 முதல் 60-க்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாளைக் காட்டத்தான் பலர் திண்டாடுகிறார்கள், ஒரு மேஸ்திரியிடமும் 90 நாள் இருந்திருக்கமாட்டோம். மேலே சொன்ன நோட்டைக் கொண்டுபோய், நாள் அதிகமாக வேலை செய்த இரண்டு மூன்று மேஸ்திரிகளிடம் அவரவர் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூலி பாக்கி இல்லாமல் சிரித்த முகமாக இருக்கும் நாளில் கேட்டால் போட்டுக்கொடுப்பார்கள்.